ரெக்ரூட்டரின் பதிவில் பெயர், பதவி, தேதி தவறாக இருந்தால் திருத்தக் கேட்பது எப்படி?

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நாம் அனுப்பும் ரெஸ்யூமேயும், ரெக்ரூட்டரின் மென்பொருளில் நம்மைப் பற்றி இருக்கும் பதிவும் ஒன்றல்ல. ஏ.டி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த மென்பொருள், ரெஸ்யூமேயைத் தானாகப் படித்து, பெயர், நிறுவனம், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று தனித்தனிக் கட்டங்களில் நிரப்பிக்கொள்கிறது. ரெக்ரூட்டர் தேடுவதும் வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு அனுப்புவதும் பெரும்பாலும் அந்தக் கட்டங்களில் உள்ளவற்றைத்தான். கட்டத்தில் பிழை இருந்தால், ரெஸ்யூமே எவ்வளவு சரியாக இருந்தாலும் பிழையே முன்னே போகிறது. பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் நடக்கும்போது, நாம் சொன்னதாகப் பதிவில் இருப்பதும் பழைய நிறுவனம் உறுதிசெய்வதும் வேறுபட்டால், அது மென்பொருளின் பிழையாகப் பார்க்கப்படாமல் நம்முடைய பிழையாகவே முதலில் பார்க்கப்படுகிறது.

இந்த வழிகாட்டியில் சென்னையில் வேலை தேடும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் பெயர் கவிதா, தந்தையின் பெயர் சண்முகம். ரெஸ்யூமேயின் தலைப்பில் S. KAVITHA என்று எழுதியிருக்கிறார். முதல் நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து, 2023 ஆகஸ்ட் 14 அன்று விலகி, ஆகஸ்ட் 21 அன்று இரண்டாவது நிறுவனத்தில் சேர்ந்தார். 2023 ஜூலையில், முதல் நிறுவனத்தில் இருந்தபோதே, ஒரு கன்சல்டன்சிக்கு ரெஸ்யூமே அனுப்பியிருந்தார். 2025இல் அதே கன்சல்டன்சி அவரை மீண்டும் அழைத்து, புதிய ரெஸ்யூமேயை வாங்கி, ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு அவரைப் பரிந்துரைக்கிறது. இப்போது அந்தக் கன்சல்டன்சியின் பதிவில் மூன்று பிழைகள் இருக்கின்றன.

முதலில், பதிவில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பதிவை நாம் நேரடியாகப் பார்க்க முடியாததால், அதில் உள்ள பிழை சில அடையாளங்களின் வழியாகத்தான் தெரியவரும். தானாக வரும் மின்னஞ்சல் “டியர் எஸ்.” என்று தொடங்கினால், தலைப்பெழுத்து முதற்பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். “டியர் சண்முகம்” என்று வந்தால் தந்தையின் பெயர் அங்கே போயிருக்கிறது. நேர்காணல் அழைப்பில் உள்ள பெயர், ஏற்கெனவே நிரப்பப்பட்டு வரும் படிவங்கள், “இப்போதும் அந்த நிறுவனத்தில்தானே இருக்கிறீர்கள்?” என்று ரெக்ரூட்டர் போனில் கேட்கும் கேள்வி ஆகியவையும் இத்தகைய அடையாளங்களே.

அடையாளம் கிடைத்தவுடன் திருத்தம் கேட்டு எழுதிவிட வேண்டாம். ஒரு பிழை இருக்கும் பதிவில் வேறு பிழைகளும் இருக்க வாய்ப்பு அதிகம். தவணை தவணையாகத் திருத்தம் கேட்பவர் மேல் ஐயம் எழுவது இயல்பு. ஆகவே முதல் வேண்டுகோள், பதிவில் உள்ளதைக் காட்டும்படி கேட்பதாக இருக்கட்டும். “என் பெயர், பணி வரலாறு, தேதிகள் ஆகியவை உங்கள் பதிவில் எப்படி இருக்கின்றன என்பதையும், வாடிக்கையாளருக்கு அனுப்பிய விவரத்தின் பிரதியையும் அனுப்ப முடியுமா?” என்று இரண்டு வரியில் கேட்டால் போதும். பெரும்பாலான ரெக்ரூட்டர்கள் திரையைப் படமெடுத்து அனுப்பிவிடுவார்கள், அல்லது போனில் படித்துக் காட்டுவார்கள். போனில் படித்தால், ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதை எழுத்துக்கு எழுத்து குறித்துக்கொள்ளுங்கள்.

கவிதாவுக்குத் தெரியவந்தது இது. First Name என்ற கட்டத்தில் S, Last Name என்ற கட்டத்தில் KAVITHA. முதல் நிறுவனத்தில் பதவி “டீம் லீட்”. அந்த வேலையின் முடிவுத் தேதிக் கட்டத்தில் Present, அதாவது இன்றுவரை. இரண்டாவது நிறுவனத்துக்கும் முடிவுத் தேதி Present. பதிவைப் பார்ப்பவருக்கு, அவர் ஒரே காலத்தில் இரண்டு நிறுவனங்களில் முழுநேர வேலை பார்ப்பதாகத் தோன்றும். ஐ.டி. நிறுவனங்கள் இரட்டை வேலையைக் கடுமையாகப் பார்க்கும் காலத்தில், மூன்றில் மிகவும் ஆபத்தான பிழை இதுதான்.

பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். மூலத்தைச் சரிசெய்யாமல் பதிவை மட்டும் திருத்தினால், அடுத்த முறை ரெஸ்யூமே படிக்கப்படும்போது அதே பிழை திரும்பி வந்துவிடும்.

பெயர்ப் பிழையின் மூலம் நம் பெயரிடும் முறையும் அந்தக் கட்டங்களும் பொருந்தாமையே. மென்பொருள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்குகிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் தலைப்பெழுத்துதான் உண்டு. தலைப்பெழுத்தை முன்னால் எழுதினால் மென்பொருள் அதையே முதற்பெயராக எடுத்துக்கொள்கிறது. இதோடு, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு வடிவம், விரிவாக்கிய தலைப்பெழுத்தோடு பான் அட்டையில் ஒரு வடிவம், பாஸ்போர்ட்டில் இன்னொரு வடிவம் என்று நம் ஆவணங்களே ஒன்றுபடாமல் இருக்கும். ஆகவே “சரியான பெயர் எது?” என்று நாமே முதலில் முடிவுசெய்ய வேண்டும். என் பரிந்துரை இது: வெளிநாட்டுப் பயணமோ விசாவோ தேவைப்படக்கூடிய வேலை என்றால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி கேளுங்கள், இல்லையென்றால் ஆதாரிலும் பானிலும் உள்ளபடி கேளுங்கள். எதைத் தேர்ந்தாலும், மற்ற ஆவணங்களில் உள்ள வேறு வடிவத்தைக் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள். கவிதாவின் பாஸ்போர்ட்டில் Given Name என்ற இடத்தில் KAVITHA, Surname என்ற இடத்தில் SHANMUGAM. பான் அட்டையிலும் KAVITHA SHANMUGAM என்றே இருப்பதால் அவருக்கு முடிவு எளிதாகிவிட்டது.

பதவிப் பிழைக்குப் பெரும்பாலும் ரெஸ்யூமேயின் அமைப்பே காரணம். நிறுவனம் கொடுத்த பதவி ஓரிடத்திலும், திட்டத்தில் செய்த பொறுப்பு இன்னோர் இடத்தில் தடித்த எழுத்திலும் இருந்தால், மென்பொருள் இரண்டாவதை எடுத்துக்கொள்ளலாம். கவிதாவின் ரிலீவிங் லெட்டரில் “சீனியர் டெஸ்ட் இன்ஜினியர்” என்றிருக்கிறது. “டீம் லீட்” என்பது அவர் ஒரு திட்டத்தில் ஏற்ற பொறுப்பு. இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பதிவில் இருக்கும் தவறான பதவி உண்மையானதைவிட உயர்வாக இருந்தால், அதை அப்படியே விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும். விட்டுவிடக் கூடாது. வெரிஃபிகேஷன் நடத்தும் நிறுவனம் பழைய நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் கேட்கும்போது, அவர்கள் தங்கள் ஆவணத்தில் உள்ள பதவியைத்தான் சொல்வார்கள். நாம் செய்த பொறுப்பை விளக்கப் பகுதியில் எழுதலாம். பதவிக் கட்டத்தில் எழுத முடியாது.

தேதிப் பிழை இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, பழைய ரெஸ்யூமே. கவிதா 2023 ஜூலையில் அனுப்பியதில் “இன்றுவரை” என்று எழுதியிருந்தது அப்போது உண்மை. புதிய ரெஸ்யூமே வந்தபோது, மென்பொருள் பழைய வரியைப் புதுப்பிக்காமல் புதிய வரியை மட்டும் கூடுதலாகச் சேர்த்துவிட்டது. மற்றொன்று, தேதி எழுதும் வரிசை. 03/06/2019 என்பதை நாம் ஜூன் 3 என்று எழுதுகிறோம். அமெரிக்க முறைப்படி அமைந்த மென்பொருள் அதை மார்ச் 6 என்று படிக்கும். மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

ஆவணங்களைப் பொருத்திப் பாருங்கள்

திருத்தம் கேட்கும் முன், நீங்கள் சரி என்று சொல்லப்போவது உங்கள் ஆவணங்களிலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். வேலைத் தேதிக்கும் பதவிக்கும் ரிலீவிங் லெட்டர் அல்லது அனுபவச் சான்றிதழே முதன்மை ஆவணம். அதோடு வருங்கால வைப்பு நிதியின் உறுப்பினர் இணையதளத்தில் உங்கள் யு.ஏ.என். எண்ணில் நுழைந்து, பணி வரலாற்றில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். வெரிஃபிகேஷன் நிறுவனங்கள் அந்த வரலாற்றையும் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ரிலீவிங் லெட்டரில் ஆகஸ்ட் 14 என்றும் பி.எஃப். வரலாற்றில் ஜூலை 31 என்றும் இருந்தால், அந்த வேறுபாட்டை நீங்களே கடிதத்தில் சொல்லிவிடுவது நல்லது. பி.எஃப். பதிவைத் திருத்துவது தனி வேலை. அதற்குப் பழைய நிறுவனத்தின் ஒத்துழைப்பும் கூட்டு உறுதிமொழியும் தேவைப்படலாம், நாளும் பிடிக்கும். அது முடியும்வரை ரெக்ரூட்டரிடம் பேசாமல் காத்திருக்க வேண்டியதில்லை.

எந்த ஆவணத்தை அனுப்புவது என்பதிலும் அளவு வேண்டும். தேதியைத் திருத்த ஆதார் தேவையில்லை. ரிலீவிங் லெட்டர் போதும். சம்பளச் சீட்டைக் கேட்டால், சம்பளத் தொகையை மறைத்து, பெயர், பதவி, மாதம் மட்டும் தெரியும்படி கொடுக்கலாம். பெயருக்கு ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். நிறுவனத்தின் பெயரில் அமைந்த மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அடையாள ஆவணங்களைக் கேட்பவர் உண்மையான ரெக்ரூட்டராகவே இருந்தாலும், அவரது தனிப்பட்ட போனில் உங்கள் பான் அட்டை தங்கிவிடும்.

கடிதத்தை எழுதுங்கள்

ரெக்ரூட்டர் ஒரே நாளில் பல விண்ணப்பதாரர்களின் பதிவுகளைக் கையாள்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எந்தக் கட்டத்தில் எதை அழித்து எதை எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு பிழைக்கும் இப்போது உள்ளது, இருக்க வேண்டியது, அதற்கான ஆவணம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். யார் தவறு என்ற பேச்சே கடிதத்தில் வேண்டாம். அனுப்பும்போது நீங்கள் இருவரும் வழக்கமாக எழுதிக்கொள்ளும் மொழியிலேயே அனுப்புங்கள்; பெயரையும் பதவியையும் ஆவணத்தில் உள்ள எழுத்துகளிலேயே எழுதுங்கள். கவிதாவின் கடிதம் இப்படி அமையலாம்.

> பொருள்: விண்ணப்பப் பதிவில் மூன்று திருத்தங்கள், சீனியர் டெஸ்ட் இன்ஜினியர் பணியிடம்
>
> வணக்கம் மேடம்,
>
> மேற்கண்ட பணியிடத்துக்கு நீங்கள் என்னைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். என் பதிவின் விவரத்தை அனுப்பியதற்கு நன்றி. அதில் பின்வரும் மூன்றைத் திருத்தித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> பெயர்: இப்போது First Name S, Last Name KAVITHA என்று உள்ளது. First Name KAVITHA, Last Name SHANMUGAM என்று இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தை இணைத்துள்ளேன். கல்விச் சான்றிதழ்களில் என் பெயர் KAVITHA S என்று இருக்கும். இரண்டும் என்னையே குறிப்பவை.
>
> முதல் நிறுவனத்தில் பதவி: இப்போது “டீம் லீட்” என்று உள்ளது. “சீனியர் டெஸ்ட் இன்ஜினியர்” என்று இருக்க வேண்டும். ஆதாரம், இணைத்துள்ள ரிலீவிங் லெட்டர்.
>
> முதல் நிறுவனத்தில் விலகிய தேதி: இப்போது Present என்று உள்ளது. 14 ஆகஸ்ட் 2023 என்று இருக்க வேண்டும். ஆதாரம், அதே ரிலீவிங் லெட்டர். 2023 ஜூலையில் நான் அனுப்பிய ரெஸ்யூமேயில் அந்த வேலை தொடர்வதாக இருந்தது.
>
> திருத்திய ரெஸ்யூமேயையும் இணைத்துள்ளேன். 2023இல் அனுப்பியதற்குப் பதிலாக இதையே பயன்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு என் விவரம் ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தால், அங்கும் இந்தத் திருத்தங்களைத் தெரிவித்து, தெரிவித்ததை எனக்கு ஒரு வரியில் உறுதிசெய்ய வேண்டுகிறேன்.
>
> நன்றி.
> கவிதா சண்முகம்

கடைசிப் பத்திதான் இந்தக் கடிதத்தின் உயிர். கன்சல்டன்சியின் மென்பொருள் வேறு, வாடிக்கையாளர் நிறுவனத்தின் மென்பொருள் வேறு. ஒன்றில் செய்த திருத்தம் மற்றொன்றுக்குத் தானாகப் போகாது. ரெக்ரூட்டர் தன் பக்கத்தில் திருத்திவிட்டு “முடிந்தது” என்று உண்மையாகவே சொல்லலாம். நேர்காணல் எடுப்பவரின் திரையில் பழைய விவரமே இருந்துகொண்டிருக்கும்.

செய்யக் கூடாத இரண்டு

வேறு மின்னஞ்சல் முகவரியிலிருந்து புதிதாக விண்ணப்பித்துப் பிழையைக் கடந்துவிட முயல வேண்டாம். மென்பொருள் மின்னஞ்சலையும் தொலைபேசி எண்ணையும் வைத்தே ஒருவரை அடையாளம் காண்கிறது. முகவரி மாறினால் உங்களுக்கு இரண்டு பதிவுகள் உருவாகலாம். இரண்டிலும் தேதிகள் வேறுவேறாக இருக்கும். கன்சல்டன்சி வழியாகப் போயிருக்கும்போது நிறுவனத்துக்கு நேரடியாகவும் விண்ணப்பித்தால், உங்களைப் பரிந்துரைத்தவர் யார் என்ற தகராறும் சேர்ந்துகொள்ளும். அந்தத் தகராறில் விண்ணப்பத்தையே நிறுத்திவைக்கும் நிறுவனங்கள் உண்டு.

எதையும் சொல்லாமல் புதிய ரெஸ்யூமேயை மட்டும் பதிவேற்றுவதும் தவறு. பழைய ரெஸ்யூமே பதிவிலிருந்து மறைந்துவிடாது; பெரும்பாலான மென்பொருள்களில் இரண்டும் தேதியோடு அடுத்தடுத்து நிற்கும். விளக்கம் இல்லாத மாற்றம், மறைக்கும் முயற்சியாகத் தெரியும்.

எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து

நேர்காணலுக்கு முன் என்றால் மேலே உள்ள கடிதமே போதும். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு பெயர்ப் பிழையைக் கண்டால், ரெக்ரூட்டரோடு நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கும் எழுதி, திருத்திய கடிதத்தைத் தரும்படி கேளுங்கள். கையெழுத்திடும் முன் கேட்பது எளிது.

வெரிஃபிகேஷன் தொடங்கிவிட்டது என்றால் அணுகுமுறையே மாற வேண்டும். அதற்கான படிவத்தை நீங்களே நிரப்பிக் கையெழுத்திட்டிருந்தால், அதில் உள்ளவை உங்கள் உறுதிமொழி. முன்கூட்டியே நிரப்பி வந்த விவரத்தைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். அறிக்கை வரும்வரை காத்திருக்காமல், எந்தக் கட்டத்தில் என்ன தவறாக இருக்கிறது என்று மனிதவளத் துறைக்கும் வெரிஃபிகேஷன் நிறுவனத்துக்கும் ஒரே கடிதமாக, ஆவணத்தோடு அனுப்பிவிடுங்கள். முரண்பாடு என்று அறிக்கை வந்த பிறகு கொடுக்கும் விளக்கத்தைவிட, அதற்கு முன் நீங்களே கொடுத்த விளக்கத்துக்கு மதிப்பு மிக அதிகம்.

“சிஸ்டத்தில் மாற்ற முடியாது” என்று சொன்னால்

இந்தப் பதில் சில சமயம் உண்மை. பல மென்பொருள்களில் விண்ணப்பதாரரின் பொதுப் பதிவு வேறு, ஒரு குறிப்பிட்ட பணியிடத்துக்குச் சமர்ப்பித்த விண்ணப்பம் வேறு. பொதுப் பதிவைத் திருத்தலாம். சமர்ப்பித்த விண்ணப்பம் அன்றைய நிலையில் பூட்டப்பட்டிருக்கும். அப்படியானால் பொதுப் பதிவைத் திருத்தும்படியும், பூட்டிய விண்ணப்பத்தில் உங்கள் கடிதத்தை இணைத்து ஒரு குறிப்பு எழுதும்படியும் கேளுங்கள். ரெக்ரூட்டருக்குத் தானே திருத்த அனுமதி இல்லையென்றால், மென்பொருளை நிர்வகிப்பவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

மூன்று அல்லது நான்கு வேலை நாட்களில் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சல் தொடரில் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அந்த நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் இருக்கும் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகள், நாம் கொடுத்த தகவலைப் பார்த்துத் திருத்தக் கேட்கும் வாய்ப்பைத் தருகின்றன. குறைகளை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 12ஆம் பிரிவில் திருத்தம் கேட்கும் உரிமையைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதே சட்டம், திருத்தம் கேட்பவர் சரிபார்க்கத்தக்க உண்மையான தகவலையே தர வேண்டும் என்ற கடமையையும் நம்மீது வைக்கிறது. பிரிட்டனிலோ ஐரோப்பிய ஒன்றியத்திலோ உள்ள நிறுவனத்துக்கு விண்ணப்பித்திருந்தால், அங்குள்ள ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவைக் குறிப்பிடலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

முதல் கடிதத்திலேயே சட்டப் பிரிவைக் குறிப்பிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரெக்ரூட்டர் இரண்டு நிமிடத்தில் முடிக்கக்கூடிய வேலையை, சட்டத்தின் பெயரைப் பார்த்தவுடன் மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு ஒதுங்கிவிட நேரும். அதற்குள் நேர்காணல் நாள் கடந்துவிடும்.

திருத்தம் நடந்ததா என்று பாருங்கள்

“செய்துவிட்டேன்” என்ற பதில் வந்தால், திருத்திய பதிவின் படத்தையோ, திருத்திய விவரத்தோடு வாடிக்கையாளருக்குப் போன மின்னஞ்சலின் பிரதியையோ கேளுங்கள். அதுவும் கிடைக்காவிட்டால், அடுத்துத் தானாக வரும் மின்னஞ்சலில் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நேர்காணல் தொடங்கும்போது, எடுப்பவர் கையில் எந்த ரெஸ்யூமே இருக்கிறது என்று பணிவாகக் கேட்டு, தேவைப்பட்டால் தேதியை அங்கேயே தெளிவுபடுத்திவிடலாம்.

வேலை கிடைத்துவிட்டால், பல நிறுவனங்களில் ஏ.டி.எஸ். பதிவில் உள்ள பெயரே ஊழியர் பதிவுக்கும், அங்கிருந்து சம்பளப் பட்டியலுக்கும் வைப்பு நிதிக்கும் போகிறது. எனவே சேரும் நாளில் நிரப்பும் படிவங்களில் முன்கூட்டியே எழுதியிருக்கும் பெயரை ஆதாரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; முதல் சம்பளச் சீட்டு வந்ததும் அதிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே S KAVITHA என்று இருந்தால், இதே கடிதத்தைச் சம்பளப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.